252 ஆ, 260 ஆ? அடிப்பு சொல்லாத பக்கத்தை அறியும் வழிகள்: ஓர் ஒப்பீடு

ஹற்றனுக்கு அருகில் நான் பௌதிகவியல் கற்பிக்கும் பாடசாலையில், பெட்டியின் மேல் இழுத்துக் கட்டிய கம்பியைக் கொண்ட சுரமானி என்னும் கருவியில் உயர்தர மாணவர் செய்முறை செய்யும் நாட்களில் ஒரே கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது. 256 ஹேர்ட்ஸ் என்று பொறிக்கப்பட்ட இசைக்கவையை இறப்பர் அடைப்பானில் தட்டி, அதன் காம்பைச் சுரமானிப் பெட்டியின் மேல் ஊன்றிக்கொண்டு, கம்பியை நடுவில் மெல்லச் சுண்டினால், ஒலி கூடிக் குறைந்து, கூடிக் குறைந்து கேட்கிறது. எண்ணிப் பார்த்தால் செக்கனுக்கு நான்கு அடிப்புகள். கம்பி இசைக்கவையிலிருந்து 4 ஹேர்ட்ஸ் விலகி நிற்கிறது என்பது அந்த எண்ணிலிருந்து உறுதியாகிறது. ஆனால் அது 252 இல் நிற்கிறதா, 260 இல் நிற்கிறதா என்பதை அந்த எண் சொல்வதில்லை.

ஏன் சொல்வதில்லை என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஒரு செக்கனில் இசைக்கவை 256 முறையும் கம்பி 252 முறையும் அதிர்ந்தால், இசைக்கவை கம்பியை நான்கு முழு அதிர்வுகளால் முந்துகிறது. ஒவ்வொரு முறை முந்தும்போதும் இரண்டும் ஒருமுறை ஒத்து நின்று ஒலியைக் கூட்டுகின்றன, ஒருமுறை எதிரெதிராக நின்று ஒலியைக் குறைக்கின்றன. கம்பி 260 இல் அதிர்ந்தால் கம்பிதான் நான்கு முறை முந்தும். முந்துவது எது என்று காது அறியாது. எத்தனை முறை முந்தியது என்பதை மட்டுமே அது அறியும். ஆகவே பக்கத்தை அறிய வேண்டுமானால், இரண்டில் ஒன்றை நமக்குத் தெரிந்த திசையில் சிறிதளவு மாற்றி, அடிப்பு கூடுகிறதா குறைகிறதா என்று மீண்டும் கேட்க வேண்டும்.

எதை மாற்றுவது என்பதே இங்கே எடுக்க வேண்டிய முடிவு. கம்பியின் முனையில் தொங்கும் படியோடு இன்னொரு படி சேர்த்து இழுவையைக் கூட்டலாம். கம்பியைத் தாங்கும் பாலத்தை நகர்த்தி அதிரும் நீளத்தைக் குறைக்கலாம். இசைக்கவையில் மெழுகு ஒட்டி அதன் மீடிறனை, அதாவது செக்கனுக்கு அது அதிரும் எண்ணிக்கையைக் குறைக்கலாம். பாடநூல் கணக்குகளில் மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். கையில் எடுத்துச் செய்யும்போது அவை ஒன்றல்ல.

எந்த வழியைத் தெரிவு செய்தாலும் முதல் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கம்பியின் ஒலி மூன்று நான்கு செக்கன்களில் தேய்ந்துவிடும். இசைக்கவை அதைவிட நெடுநேரம் ஒலிக்கும். எனவே கம்பியைச் சுண்டியவுடன் எண்ணத் தொடங்க வேண்டும். முதலில் கேட்கும் உரத்த ஒலிக்குச் "சுழியம்" என்று சொல்லி, அடுத்ததற்கு "ஒன்று" என்று சொல்ல வேண்டும். முதல் ஒலியையே ஒன்று என எண்ணுபவர் மூன்று செக்கனில் பன்னிரண்டுக்குப் பதில் பதின்மூன்று எண்ணுவார். கம்பி மிக உரத்தும் இசைக்கவை மிக மெதுவாகவும் ஒலித்தால், ஒலி குறையும் இடத்தில் முழுவதும் அடங்காமல் சிறிதே தணியும். அப்போது அடிப்பைத் தவறவிடுவது எளிது. ஆகையால் கம்பியை மெல்லச் சுண்டி, இரண்டையும் ஏறக்குறைய ஒரே உரப்புக்குக் கொண்டுவர வேண்டும். வலுவாகச் சுண்டினால் இன்னொரு கேடும் உண்டு: பெரிய வீச்சத்தில் கம்பி கூடுதலாக இழுபடுவதால் தொடக்கத்தில் மீடிறன் சற்று உயர்ந்திருந்து, பின்னர் இறங்கும். எண்ணிக் கொண்டிருக்கும்போதே அடிப்பின் வேகம் மாறுவதாகத் தோன்றினால் அதுவே காரணமாக இருக்கும்.

கம்பி இசைக்கவையோடு ஒத்து அதிரும் பரிவுப் புள்ளியைத் தேட அதன் நடுவில் வைத்த மடித்த கடதாசித் துண்டை எண்ணும்போது எடுத்துவிட வேண்டும் என்பதையும் நான் விடாமல் சொல்வேன். சாதாரண 80 கிராம் தாளில் ஒரு சென்ரிமீற்றர் நீளமும் அரைச் சென்ரிமீற்றர் அகலமும் உள்ள துண்டு 4 மில்லிகிராம் இருக்கும். கீழே நான் எடுத்துக்கொள்ளும் கம்பியின் அதிரும் பகுதி முழுவதுமே அரைக் கிராமுக்குச் சற்றுக் குறைவு. நடுவில் ஏறி உட்காரும் அந்த 4 மில்லிகிராம், கம்பியின் மீடிறனை ஏறத்தாழ 2 ஹேர்ட்ஸ் இறக்கிவிடும். நான்கு அடிப்பை எண்ண வந்த இடத்தில் 2 ஹேர்ட்ஸ் சிறிய பிழை அல்ல.

இனி ஒப்பீட்டுக்கு ஒரே கம்பியை எடுத்துக்கொள்வோம். விட்டம் 0.5 மில்லிமீற்றர் உள்ள உருக்குக் கம்பி, கப்பியின் மேலாகச் சென்று 4 கிலோகிராம் படியால் இழுக்கப்படுகிறது. இதன் ஒரு மீற்றர் நீளம் ஏறத்தாழ 1.54 கிராம். மீடிறன் f, அதிரும் நீளம் L, இழுவை T, ஒரு மீற்றரின் திணிவு m எனக் கொண்ட f = (1/2L)√(T/m) என்ற சமன்பாட்டின்படி, இது 256 ஹேர்ட்ஸில் அதிர வேண்டுமானால் பாலங்களுக்கு இடைப்பட்ட நீளம் 31.15 சென்ரிமீற்றராக இருக்க வேண்டும். நீளம் 31.64 ஆக இருந்தால் 252, 30.67 ஆக இருந்தால் 260. நான்கு அடிப்பு கேட்கும் மாணவர் இவ்விரண்டில் ஒன்றில் நிற்கிறார். எதில் என்பது அவருக்குத் தெரியாது.

முதல் வழி படி சேர்ப்பது. இழுவை கூடினால் மீடிறன் கூடும். ஆகவே அடிப்பு குறைந்தால் கம்பி 252 இலும், கூடினால் 260 இலும் இருந்திருக்க வேண்டும். தருக்கம் நேர்த்தியானது. சிக்கல் படியின் அளவில் இருக்கிறது. மீடிறன் இழுவையின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால், 4 கிலோகிராமுடன் 50 கிராம் சேர்த்தால் கம்பி 1.6 ஹேர்ட்ஸ் ஏறும்: 252 இல் இருந்த கம்பியின் அடிப்பு நான்கிலிருந்து 2.4 ஆகும், 260 இல் இருந்ததன் அடிப்பு 5.6 ஆகும். இவ்விரண்டையும் காது தயக்கமின்றிப் பிரித்தறியும். ஆனால் எங்கள் ஆய்வுகூடத்தில் சுரமானிக்கென இருப்பவை 500 கிராம் படிகள். அவற்றில் ஒன்றைச் சேர்த்தால் கம்பி ஒரே தாவலில் 15 ஹேர்ட்ஸுக்கு மேல் ஏறிவிடும். 252 இல் இருந்த கம்பி 267 ஐத் தாண்டிச் செக்கனுக்குப் பதினொரு அடிப்பும், 260 இல் இருந்த கம்பி ஏறக்குறைய இருபது அடிப்பும் தரும். செக்கனுக்கு ஏழு எட்டைத் தாண்டினால் பயிற்சியுள்ள காதாலும் எண்ண முடியாது. இரண்டும் ஒரே கரகரப்பாகவே கேட்கும். இரண்டு நிலையிலும் அடிப்பு கூடியதாகத் தோன்றுவதால், 252 இல் நின்ற கம்பியையும் 260 என்றே மாணவர் எழுதிவிடுவார்.

சிறிய படிகள் கிடைத்தாலும் கப்பியின் உராய்வு குறுக்கே நிற்கிறது. சரியாக எண்ணெய் இடாத கப்பியில் சேர்த்த 50 கிராமின் ஒரு பகுதி கப்பியிலேயே தங்கிவிட்டு, பாலங்களுக்கு இடையிலுள்ள கம்பியை எட்டாமல் போகலாம். படியைச் சேர்த்தபின் படித்தாங்கியை மெல்ல உயர்த்தி விட்டுப் பார்த்து, அடிப்பு முன்னர் கேட்டதுபோலவே இருக்கிறதா என்று சரிபார்த்தால்தான் நம்ப முடியும்.

இரண்டாவது வழி பாலத்தை நகர்த்துவது. அதிரும் நீளத்தை 2 மில்லிமீற்றர் குறைத்தால் கம்பி 1.6 ஹேர்ட்ஸ் ஏறும். அதாவது மேலே 50 கிராம் செய்த அதே வேலையை இந்த இரண்டு மில்லிமீற்றர் செய்கிறது. உராய்வு இல்லை, கூடுதல் பொருள் தேவையில்லை, வேண்டாம் என்றால் பாலத்தைப் பழைய கோட்டுக்கே திருப்பி வைக்கலாம். தொடர்ச்சியாக நகர்த்தக்கூடியது என்பதே இதன் பெரிய நன்மை: அரை மில்லிமீற்றர் நகர்த்தினாலும் அடிப்பு மாறுவதைக் கேட்கலாம்.

ஆயினும் இதிலும் ஒரு பொறி இருக்கிறது. அதை ஒரு மாணவரே எனக்குக் காட்டினார். நான்கு அடிப்பை ஒழுங்காக எண்ணிய பின், பாலத்தை ஒரு சென்ரிமீற்றர் உள்ளே தள்ளிவிட்டு மறுபடியும் எண்ணினார். "சேர், மாற்றமே இல்லை, திரும்பவும் நாலுதான் வருது" என்றார். கம்பியின் நீளம் 31.6 இலிருந்து 30.6 ஆகியிருந்தது. மேலேயுள்ள எண்களோடு ஒப்பிட்டால் நடந்தது புரியும்: கம்பி 252 இலிருந்து ஏறி, 256 ஐக் கடந்து, 260 ஐ எட்டிவிட்டது. இடையில் அடிப்பு குறைந்து, மறைந்து, மீண்டும் கூடியதை, அந்த நேரத்தில் கம்பி ஒலிக்காததால் அவர் கேட்கவில்லை. பாலத்தின் இரண்டு இடங்களிலும் அவர் எண்ணியது சரியே. நகர்த்திய தூரம்தான் பெரிது. பெட்டியில் ஒட்டிய அளவுகோலைக் காட்டி, 2 மில்லிமீற்றர் மட்டும் நகர்த்தச் சொன்னேன். அடிப்பு இரண்டரைக்கு இறங்கியதும் அவர் முகம் தெளிந்தது.

இதிலிருந்து மூன்று வழிகளுக்கும் பொருந்தும் ஒரு நிபந்தனை கிடைக்கிறது: செய்யும் மாற்றம் கேட்ட அடிப்பின் எண்ணைவிடச் சிறியதாக, முடிந்தால் அதன் பாதிக்கு உள்ளாக இருக்க வேண்டும். நான்கு அடிப்புக்கு ஒன்றரை முதல் இரண்டு ஹேர்ட்ஸ் மாற்றம் போதும். இந்த நிபந்தனையை மிக எளிதாக நிறைவேற்றுவது பாலம். மிகக் கடினமாக நிறைவேற்றுவது படி.

மூன்றாவது வழியான மெழுகு இவற்றிலிருந்து வேறுபட்டது. ஏனெனில் அது கம்பியைத் தொடுவதே இல்லை. இசைக்கவையின் ஒரு புயத்தின் நுனிக்கு அருகில் சிறிது மெழுகை ஒட்டினால் அதன் மீடிறன் குறையும். அது 255 ஆனதாகக் கொண்டால், 252 இல் நிற்கும் கம்பியின் அடிப்பு மூன்றாகும்; 260 இல் நிற்பதன் அடிப்பு ஐந்தாகும். கம்பியின் மீடிறனைக் கூட்டும்போது வரும் அதே முடிவுதான் இங்கும் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்: அடிப்பு குறைந்தால் கம்பி கீழே நிற்கிறது. இசைக்கவை இறங்குவதும் கம்பி ஏறுவதும் இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை ஒரே விதமாகவே மாற்றுகின்றன. பரீட்சையில் "மெழுகு ஒட்டியதும் குறைந்தது" என்பதைக் கேட்டவுடன் 260 என்று எழுதும் மாணவர், குறைந்தது இசைக்கவையின் மீடிறனா அடிப்பா என்பதைக் குழப்பிக்கொள்கிறார்.

மெழுகின் குறை அதன் அளவை நாம் அறியாததே. ஒரு பயறளவு மெழுகு எத்தனை ஹேர்ட்ஸ் இறக்கும் என்பது அது ஒட்டப்பட்ட இடத்தைப் பொறுத்தது. நுனிக்கு நெருங்க நெருங்க விளைவு கூடும். கூடுதலாக ஒட்டி இசைக்கவை 248 க்கு இறங்கிவிட்டால், 252 இல் நிற்கும் கம்பி மறுபக்கத்திலிருந்து அதே நான்கு அடிப்பைத் தரும். எங்கள் பகுதியின் குளிரில் மெழுகு விறைத்துவிடுவதால், உள்ளங்கையில் வைத்து இளக்காமல் ஒட்டினால் தட்டும்போதே கழன்று விழுகிறது. விழுந்ததை அறியாமல் எண்ணுபவருக்கு மாற்றம் தெரியாது. இருந்தும் ஒரு நிலையில் இதை நான் தெரிவு செய்வேன்: கம்பியின் நீளத்தையும் படியையும் ஏற்கெனவே பதிவு செய்துவிட்டு, அந்த நிலையைக் கலைக்க விரும்பாதபோது. எண்ணி முடித்ததும் மெழுகைத் துடைத்து, முதல் எண்ணிக்கை திரும்ப வருகிறதா என்று பார்த்தால் ஐயம் தீரும்.

குளிரைப் பற்றிச் சொன்னதால் மாணவர் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்விக்கும் இங்கே பதில் தருகிறேன். நுவரெலியா போல 1,868 மீற்றர் உயரத்தில், குளிர்ந்த மெல்லிய காற்றில், அடிப்பு எண்ணிக்கை மாறுமா? மாறாது. ஒலி காற்றில் செல்லும் வேகம் மாறினாலும், செக்கனுக்கு எத்தனை அதிர்வுகள் புறப்பட்டனவோ அத்தனையே காதை வந்தடையும். புல்லாங்குழலின் மீடிறன் உள்ளேயுள்ள காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது; கம்பிக்கும் இசைக்கவைக்கும் அப்படியல்ல. உருக்கு இசைக்கவை ஒரு பாகை குளிர்ந்தால் அதன் மீடிறன் பத்தாயிரத்தில் ஏறத்தாழ ஒரு பங்கு கூடும். எட்டுப் பாகைக் குளிருக்கும் 256 இல் 0.2 ஹேர்ட்ஸ் மட்டுமே. படி தொங்கும் சுரமானிக் கம்பியின் இழுவையைப் படியே தீர்மானிப்பதால் அதுவும் குளிரால் அசைவதில்லை.

கிற்றார் அப்படியல்ல. அதில் கம்பியின் இரு முனைகளும் பிணைக்கப்பட்டிருப்பதால், குளிர்ந்த காலையில் சுருங்க முயலும் கம்பியின் இழுவை கூடிச் சுருதி ஏறும். மண்டபத்தில் ஆட்கள் நிறைந்து சூடேறியதும் இறங்கும். ஆகவே தோட்டத்துத் தேவாலயத்தில் பாடகர் குழுவுக்காகக் கிற்றார் கூட்டும் எங்கள் பழைய மாணவர்களுக்கு இந்தப் பக்கத்தை அறியும் கேள்வி ஞாயிறுதோறும் எழுகிறது. அங்கே பாலத்தை நகர்த்த முடியாது, படியும் இல்லை. முறுக்காணியைத் திருகிப் பார்ப்பதே பலரும் செய்வது. தவறான பக்கத்துக்குத் திருகினால் ஏற்கெனவே இறுகியிருக்கும் கம்பி மேலும் இறுகும். பழைய கம்பி அறுந்தும் போகலாம்.

அதற்கு நான் பரிந்துரைக்கும் வழி விரலால் அழுத்துவது. கழுத்தின் உச்சியில் கம்பி ஏறிச் செல்லும் சிறு மேட்டுக்கும் முறுக்காணிக்கும் இடையில், ஒலிக்காத அந்தத் துண்டை விரல் நுனியால் மெல்ல அழுத்தினால் முழுக் கம்பியின் இழுவையும் சற்றுக் கூடும். விரலை எடுத்தால் பழைய நிலைக்குத் திரும்பும். அழுத்தும்போது அடிப்பு மெதுவானால் கம்பி கீழே நிற்கிறது, இறுக்கலாம். விரைவானால் மேலே நிற்கிறது, தளர்த்த வேண்டும். ஆணியைத் தொடாமலே, ஒருமுறை சுண்டிய ஒலி தேய்வதற்குள் விடை கிடைத்துவிடுகிறது. சுரமானியில் இந்த வழி பயன்படாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கப்பிப் பக்கத்தில் அழுத்தினால் படி சற்று மேலெழுமே தவிர, உராய்வு தாங்கும் அளவுக்கு மேல் இழுவை கூடாது.

கிற்றாரில் எண்ணிக்கையின் பொருளும் மாறுகிறது. பொதுவாகக் கையில் இருப்பது 440 ஹேர்ட்ஸ் இசைக்கவை. ஐந்தாம் கம்பியோ 110 இல் ஒலிக்க வேண்டியது. அந்தக் கம்பியை அதன் கால் பங்கு நீளத்தில், அதாவது ஐந்தாம் கட்டையின் உலோகப் பட்டைக்கு நேர் மேலே, விரலால் மெல்லத் தொட்டுக்கொண்டு சுண்டினால், நான்கு மடங்கு மீடிறன் உள்ள மேற்றொனி ஒலிக்கும். அது இசைக்கவையோடு செக்கனுக்கு நான்கு அடிப்பு தந்தால், கம்பியின் அடிப்படைச் சுரம் 1 ஹேர்ட்ஸ் மட்டுமே விலகியுள்ளது: 109 அல்லது 111. இதை மறந்து 4 ஹேர்ட்ஸ் விலகல் என எண்ணுபவர் தேவையைவிட நான்கு மடங்கு திருகிவிடுவார். இன்னொரு வகையில் இது ஒரு வசதி: அடிப்படைச் சுரத்தின் சிறு பிழையை இது நான்கு மடங்காக்கிக் காட்டுகிறது.

கைத்தொலைபேசியின் சுருதிச் செயலி பக்கத்தையும் அளவையும் நேரடியாகவே காட்டுகிறது. அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கான செண்ட் என்ற அலகில், 260 ஹேர்ட்ஸ் கம்பியை 256 க்கு 27 செண்ட் மேலே என்று சொல்லும். அமைதியான அறையில், ஒரு கம்பி மட்டும் ஒலிக்கும்போது அதை நம்பலாம். தகரக் கூரையில் மழை கொட்டும்போது ஊசி நிலைகொள்ளாமல் தாவும். அந்த நேரத்தில் பெட்டியின் மேல் விரலை வைத்தால் அடிப்பை விரலாலேயே உணரலாம். பரீட்சையில் செயலிக்கு இடமில்லை. எனவே அதைச் சரிபார்க்கும் கருவியாக மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

சுரமானிக்கு என் தெரிவு ஐயமின்றிப் பாலம்தான். ஆனால் பக்கத்தை அறிந்தபின், கம்பி இசைக்கவையோடு ஒரே மீடிறனில் அதிரும் ஒருமைப்பாட்டு நீளத்தை எப்படிக் குறிப்பது என்பதிலும் ஒரு தெரிவு உண்டு. அடிப்பு மறையும் இடத்தை நேரடியாகத் தேடினால், கம்பி நான்கு செக்கனே ஒலிப்பதால், நான்கு செக்கனுக்கு ஓர் அடிப்பைவிட மெதுவானதைக் கேட்க முடியாது. அது 0.25 ஹேர்ட்ஸ்; பாலத்தில் 0.3 மில்லிமீற்றர். மில்லிமீற்றர் அளவுகோலால் வாசிக்கக்கூடியதைவிடக் காது இங்கே நுட்பமானது. ஆயினும் அடிப்பு முழுவதும் மறைந்ததா, கம்பியின் ஒலிதான் தேய்ந்ததா என்று தொடக்க நிலை மாணவர் தடுமாறுவர். அவர்களை இரு பக்கமும் நான்கு அடிப்பு கேட்கும் இடங்களைக் குறிக்கச் சொல்கிறேன். நமது கம்பியில் அவை 31.6 உம் 30.7 உம். இரண்டின் நடு 31.15, தேடிய நீளம் அதுவே.

அதே இரண்டு நீளங்களைக் கொண்டு இசைக்கவையின் மீடிறனைக் கணிக்கும் வினா பயிற்சித் தாள்களில் அடிக்கடி வரும். f − 4 ஐ நீண்ட நீளத்தாலும் f + 4 ஐக் குறுகிய நீளத்தாலும் பெருக்கிச் சமப்படுத்தினால் f கிடைக்கும். தாளில் அது பிழையற்றது. ஆனால் மில்லிமீற்றர் வரை வாசித்த 31.6 ஐயும் 30.7 ஐயும் அதில் இட்டால் 277 ஹேர்ட்ஸ் வருகிறது. விடை இரு நீளங்களின் வித்தியாசத்தால் வகுக்கப்படுவதால், ஒன்பது மில்லிமீற்றர் வித்தியாசத்தில் முக்கால் மில்லிமீற்றர் பிழை 21 ஹேர்ட்ஸாக வெளிவருகிறது. ஆகவே இவ்விரு இடங்களைக் குறிக்கும் மாணவர் நடு நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இசைக்கவையின் மீடிறனைப் படியிலிருந்தும் கம்பியின் அலகு நீளத் திணிவிலிருந்தும் கணிக்க வேண்டும்.